என்னை மறுத்த கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண்?

முதலில் நான் போட்டது 54. மறுநாள் அதை 73 ஆக்கினேன். கடைசியில் பட்டியலில் ஏறியது 68. கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் என் கையில் இருந்த பென்சில் எங்கே நின்றது, எங்கே நிற்காமல் ஓடியது என்பதுதான். அந்த மூன்று எண்களுக்கும் இடையில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அரசியல் அறிவியல் விரிவுரையாளர். தேர்தல் முறைகள் என் பாடம். வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதை நான் மறைத்ததில்லை. கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், விவாத மேடைகளில் பேசியிருக்கிறேன், வகுப்பிலும் யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். ஆசிரியர் தன் கருத்தை வகுப்பில் சொல்லவே கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த வாதத்தைச் சொல்லும்போது குரல் ஏறுகிறது, எதைச் சொல்லும்போது கடமைக்குச் சொல்கிறோம் என்பதை வைத்தே மாணவர்கள் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லிவிட்டால், நான் சாய்கிறேனா என்று பார்க்க அவர்களுக்காவது ஒரு பிடி கிடைக்கும்.

அந்தப் பருவத்தின் அசைன்மென்ட் கேள்வி இதுதான்: "வாக்களிப்பைக் கட்டாயமாக்க வேண்டுமா? ஆதரித்தோ எதிர்த்தோ வாதிடுக." 38 கட்டுரைகள் வந்தன. 29 பேர் கட்டாயம் வேண்டும் என்றார்கள், 9 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த விகிதத்தைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை வீதியில் போகிறவர்களிடம் கேட்டால் இப்படி ஒரு பக்கமாகச் சாயுமா என்பது சந்தேகம்தான். மாணவர்களில் ஒரு பகுதியினர் எனக்குப் பிடித்ததை எழுதியிருக்கிறார்கள். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. நன்றாகத்தான் பாடம் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதிப்பெண் பங்கீடு முன்கூட்டியே மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கேள்வியைப் புரிந்துகொண்டதற்கு 10, வாதத்தின் அமைப்புக்கு 30, ஆதாரத்துக்கு 30, எதிர்வாதத்தைக் கையாண்டதற்கு 20, மொழிக்கு 10. பெயர்களும் மறைக்கப்பட்டிருந்தன, தாளில் எண் மட்டும்தான். இவ்வளவு இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெயரை மறைத்தால் எழுதியவர் யார் என்பது மறையும். அவர் எந்தப் பக்கம் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறதே!

சொல்லப்போகும் கட்டுரையின் முதல் வரி: "வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு வாக்குதான்." படித்த உடனே ஓரத்தில் "எப்படி?" என்று எழுதினேன். இரண்டாவது வரிக்குப் போகவே இல்லை. எப்படி என்பதை அவன் மூன்றாவது, நான்காவது வரிகளில் விளக்கியிருந்தான். என் கேள்வியோ முன்பே தாளில் ஏறிவிட்டது.

ஆறு பக்கக் கட்டுரை. முடிக்கும்போது ஓரத்தில் 19 குறிப்புகள். புரிதலுக்கு 7, வாதத்துக்கு 17, ஆதாரத்துக்கு 14, எதிர்வாதத்துக்கு 8, மொழிக்கு 8, ஆக 54. இதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஒவ்வொரு குறைப்புக்கும் காரணம் கையில் இருந்தது. யார் கேட்டாலும் ஓரக்குறிப்பைக் காட்டிப் பதில் சொல்லியிருப்பேன். இதுதான் இந்த விஷயத்தில் இருக்கும் சிக்கல். பாரபட்சம் காட்டும் ஆசிரியரிடம் காரணம் இருக்காது என்று நினைக்கிறோம். என்னிடம் 19 காரணங்கள் இருந்தன.

அடுத்த தாள் கட்டாய வாக்களிப்பை ஆதரித்து எழுதியது. அதுவும் ஆறு பக்கம். சீக்கிரமாக முடிந்துவிட்டது. 8, 22, 22, 14, 8 என்று 74 போட்டு மூடினேன். மூடும்போதுதான் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணில் பட்டன. ஒன்றின் ஓரம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். மற்றொன்றில் மொத்தமே நான்கு குறிப்புகள், அவற்றிலும் இரண்டு வெறும் டிக். இரண்டாவது கட்டுரை அவ்வளவு சுத்தமானதா? அல்லது நான் அதைப் படிக்கவே இல்லையா?

இந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது ஓர் ஆய்வு. நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன், அதுதான் வெட்கம். 1979இல் சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள், எதிர்க்கும் மாணவர்கள் என 48 பேரை எடுத்துக்கொண்டார்கள். மரண தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வு, குறைக்கவில்லை என்று ஓர் ஆய்வு, இரண்டையும் எல்லோருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். தங்கள் கருத்துக்கு ஒத்துப்போன ஆய்வைத் தரமானது என்றும், ஒத்துப்போகாததை ஓட்டை நிறைந்தது என்றும் இரு தரப்பும் சொன்னது. இத்தனைக்கும் இரண்டிலும் விவரிக்கப்பட்ட ஆய்வுமுறைகளைக் குழுவுக்குக் குழு இடம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒரு குழு பாராட்டிய அதே முறையை, முடிவு மாறியதும் இன்னொரு குழு குறை சொன்னது.

இதைவிட எனக்குப் பயன்பட்டது 1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனுடன் சேர்ந்து செய்த அடுத்த ஆய்வு. ஒரு குழுவிடம் "ஒரு நீதிபதியைப் போல நடுநிலையாக இருங்கள்" என்ற வகையில் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், "இதே ஆய்வு எதிர்ப்பக்க முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பைத்தான் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். நடுநிலையாக இரு என்ற அறிவுரை பலன் தரவில்லை. திருப்பிப் பார் என்றது பலன் தந்தது. காரணம் யோசித்தால் புரிகிறது. ஏற்கெனவே நடுநிலையாகத்தான் இருக்கிறோம் என்று நம்புகிறவரிடம் நடுநிலையாக இரு என்றால் அவர் என்ன செய்வார்? செய்துகொண்டிருந்ததையே இன்னும் கவனமாகச் செய்வார்.

ஆனால் அன்றிரவு நான் திருப்பிப் பார்க்கவில்லை. குற்ற உணர்ச்சியில் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாக ஒன்றைச் செய்தேன்.

மறுநாள் காலை எதிர்ப்புக் கட்டுரையை மீண்டும் எடுத்தேன். இம்முறை பென்சிலே கையில் எடுக்கவில்லை. நல்ல பத்தியைக் கண்டதும் தாராளமாகப் பாராட்டினேன். தவறு கண்ணில் பட்டபோது, "இதைப் பெரிதாக்கினால் என் கருத்துக்காகக் குறைத்ததாக ஆகிவிடும்" என்று தாண்டிப் போனேன். 8, 22, 20, 15, 8. மொத்தம் 73. அதில் ஒரு பெருமிதமும் இருந்தது: பார், என்னை மறுத்தவனுக்கும் அள்ளிக் கொடுக்கிறேன்.

முதல் நாள் 54 என்பது என் கருத்தைக் காப்பாற்றப் போட்ட எண் என்றால், இது என் பெயரைக் காப்பாற்றப் போட்ட எண். இரண்டிலும் மாணவன் எழுதியது கணக்கில் வரவில்லை. இப்படி அளவுக்கு மீறித் திருத்துவதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஏற்றிய ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கட்டுரையில் ஏதோ ஒரு வாக்கியத்தின் மேல் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 19 மதிப்பெண் ஏற்றியிருந்தேன். ஏழோ எட்டோதான் காட்ட முடிந்தது. மீதி காற்றிலிருந்து வந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து முறையாக வேலை பார்த்தேன்.

முதல் வேலை, அந்த 19 ஓரக்குறிப்புகளையும் வகை பிரித்தது. ஐந்து குறிப்புகள் யார் எழுதினாலும் போட வேண்டியவை: தகவல் பிழை, வாக்கியப் பிழை. ஆறு, "ஆதாரம் எங்கே?" என்ற வகை. மீதி எட்டும் நான் அவனோடு போட்ட சண்டை. "அப்படியானால் வரியும் விருப்பத்தின் பேரில்தான் கட்டலாமா?" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். மேடையில் கைதட்டல் வாங்கும். ஒரு மாணவனின் தாளில் அதற்கு என்ன வேலை? அவன் வரியைப் பற்றிப் பேசவே இல்லை. எட்டையும் அழித்தேன். அழித்த பிறகு பார்த்தால், வாதத்துக்கு நான் 17 மட்டும் போட்டதற்கு ஆதாரமாக இருந்ததே அந்த எட்டுதான்.

அந்த ஆறு "ஆதாரம் எங்கே?" விஷயத்தில், ஆதரவுக் கட்டுரையை எடுத்து வைத்து, அதே கண்டிப்போடு வாக்கியம் வாக்கியமாகப் போனேன். ஆதாரம் இல்லாத உறுதியான கூற்றுகள் அதில் ஏழு இருந்தன. "கட்டாயமாக்கினால் கட்சிகள் எல்லாத் தரப்பினரிடமும் போக வேண்டிவரும்" என்பது ஒன்று. எனக்குப் பழகிய வாதம் என்பதால், படிக்கும்போது ஆதாரத்தை என் தலையிலிருந்தே எடுத்துச் சேர்த்திருக்கிறேன். அந்த மாணவன் எழுதாததை நான் எழுதி, அவனுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

இதை நான் முன்பு யோசித்ததே இல்லை. நம்மை மறுக்கும் கட்டுரையில் கடுமையாக இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் விஷயத்தில் பெரிய தவறு மற்ற 29 தாள்களில் இருந்தது. எதிர்ப்புக் கட்டுரையையாவது ஊன்றிப் படித்தேன். ஆமோதித்த கட்டுரைகளை நான் படிக்கவில்லை, தலையாட்டிக்கொண்டு பக்கம் புரட்டியிருக்கிறேன்.

ஓரிடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் கட்டாய வாக்களிப்பு உண்டு. அண்மைத் தேர்தல்களில் அந்நாட்டுக் கீழவைக்குப் பதிவாகும் வாக்குகளில் ஏறத்தாழ 5 சதவீதம் செல்லாதவை. எதிர்ப்புக் கட்டுரை இதைச் சொல்லி, "இது விருப்பமில்லாமல் இழுத்துவரப்பட்டவர்களின் எதிர்ப்பு" என்றது. நான் ஓரத்தில் "கட்டாயத்தால்தான் என்பதற்கு என்ன சான்று?" என்று எழுதி மதிப்பெண்ணையும் குறைத்திருந்தேன். நியாயமான கேள்விதான். அங்கே வேட்பாளர்கள் எல்லோருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் வாக்கு செல்லாமல் போகலாம். ஆகவே, செல்லாத வாக்குகளில் எதிர்ப்பும் இருக்கும், வெறும் எண் பிழையும் இருக்கும். இரண்டையும் பிரிக்காமல் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது.

ஆதரவுக் கட்டுரையும் இதே எண்ணைத்தான் எடுத்திருந்தது, மறுபக்கத்திலிருந்து. "வாக்குச்சாவடிக்கு வருகிறவர்களில் 95 சதவீதம் பேர் முறையாக வாக்களிக்கிறார்கள், ஆகவே மக்கள் இதை மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்." அதற்கு நான் போட்டது டிக். வராவிட்டால் அபராதம் இருக்கும்போது, வந்து எண் போட்டுவிட்டுப் போனவர் மனமுவந்து வந்தார் என்பதற்கு மட்டும் என்ன சான்று? அதே எண், அதே அளவு தாவல். ஒன்றுக்குக் கேள்விக்குறி, ஒன்றுக்கு டிக். இரண்டு பத்திகளிலும் ஆதாரப் பிரிவில் தலா 3 குறைத்தேன்.

திருப்பிப் பார்ப்பது என்பதை இப்படித்தான் செய்கிறேன். முழுக் கட்டுரையையும் மனதுக்குள் திருப்ப முடியாது, அது கற்பனையாகிவிடும். ஒரு பத்தியை எடுத்து, அதன் முடிவு வாக்கியத்தை மட்டும் மாற்றி, அதே தரமுள்ள ஆதாரத்தோடு என் பக்கம் பேசினால் எங்கே பென்சில் நின்றிருக்கும் என்று பார்ப்பது. பக்கத்திலேயே எதிர்ப்பக்கக் கட்டுரை ஒன்று இருந்தால் கற்பனையே தேவையில்லை, நிஜமான ஜோடியே கிடைத்துவிடும். எல்லாப் பத்திக்கும் ஜோடி கிடைக்காது என்பதும் உண்மை. கொள்கை சார்ந்த வாதங்களில், உதாரணமாக "உரிமை என்றால் பயன்படுத்தாமல் இருக்கும் உரிமையும் அதில் அடங்கும்" என்பது போன்ற இடத்தில், கண்ணாடிப் பிம்பம் போல ஒரு மறுபக்கம் கிடைப்பது கடினம். அங்கே நான் பார்ப்பது, முன்வைத்த கருத்திலிருந்து முடிவுக்கு வரும் படிகள் எல்லாம் தாளில் இருக்கின்றனவா என்பதை மட்டும்.

அடுத்தது தகவல் பிழை. எதிர்ப்புக் கட்டுரையில் உண்மையிலேயே ஒரு பெரிய பிழை இருந்தது. நெதர்லாந்து 1970இல் கட்டாய வாக்களிப்பைக் கைவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, "அதன் பிறகும் வாக்குப்பதிவில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை" என்று அவன் எழுதியிருந்தான். 1967 தேர்தலில் 95 சதவீதத்துக்கு அருகில் இருந்த வாக்குப்பதிவு, 1971இல் 79 சதவீதத்துக்கு இறங்கியது. முதல் நாள் இதற்கு 5 குறைத்திருந்தேன். இரண்டாம் நாள், பெருந்தன்மையில், ஒன்றும் குறைக்கவில்லை.

ஆதரவுக் கட்டுரையிலும் ஒரு பிழை இருந்தது. ஆஸ்திரேலியாவில் "நாடு உருவான 1901 முதலே" கட்டாய வாக்களிப்பு இருப்பதாக இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தேசியத் தேர்தலுக்கு அது வந்தது 1924இல். இதை முதல் வாசிப்பிலேயே கவனித்து, அடிக்கோடு போட்டு, "1924" என்று எழுதி, மதிப்பெண் எதுவும் குறைக்காமல் விட்டிருந்தேன். சின்ன ஆண்டுப் பிழை என்று நினைப்பு. மீண்டும் படித்தபோதுதான் நான்காம் பக்கம் கண்ணில் பட்டது. 1922இல் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்த வாக்குப்பதிவு, சட்டம் வந்த பிறகு 1925இல் 91 சதவீதத்தைத் தாண்டியது என்று அங்கே சரியாக எழுதியிருக்கிறான். 1901 முதலே கட்டாயம் இருந்திருந்தால் 1922இல் ஏன் 60க்கும் கீழே? அவன் கட்டுரையின் மிகச் சிறந்த ஆதாரத்தை அவனுடைய இரண்டாம் பக்கமே உடைக்கிறது. அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பிழைக்கு எவ்வளவு குறைப்பது என்பதற்கு இப்போது நான் வைத்திருக்கும் அளவு, அந்தப் பிழையை எடுத்துவிட்டால் வாதத்தில் எவ்வளவு சரியும் என்பது. நெதர்லாந்துப் பிழையின் மேல் ஒரு முழுப் பத்தி நிற்கிறது. 1901 பிழை ஒரு முழுப் பத்தியோடு மோதுகிறது. இரண்டுக்கும் தலா 4.

கடைசியாக எதிர்வாதப் பிரிவு. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். கட்டாய வாக்களிப்புக்கு ஆதரவாக நான் எப்போதும் முன்வைப்பது ஆரன்ட் லிப்ஹார்ட் 1997இல் எழுதிய கட்டுரையின் வாதம்: வாக்களிப்பு விருப்பத்துக்கு விடப்பட்டால் ஏழைகளும் குறைவாகப் படித்தவர்களும்தான் அதிகம் விலகி நிற்கிறார்கள், அதனால் அவர்களின் செல்வாக்கும் குறைகிறது. வகுப்பில் இதை "பங்கேற்பில் சமமின்மை" என்று நூறு முறை சொல்லியிருப்பேன். எதிர்ப்புக் கட்டுரையில் அந்தச் சொல் எங்குமே இல்லை. "மையமான எதிர்வாதம் விடுபட்டுவிட்டது" என்று எழுதி, 20க்கு 8 போட்டேன்.

மூன்றாவது முறை படித்தபோது ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி. தினக்கூலிக்குப் போகிறவர் வாக்களிக்க வராததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல, அன்றைய கூலி போய்விடும் என்பதுதான். அவருக்குத் தேவை சம்பளத்துடன் விடுமுறை, தபால் வாக்கு, பக்கத்திலேயே வாக்குச்சாவடி. அபராதம் போட்டால் ஏற்கெனவே இழந்தவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் பிடுங்குகிறோம் என்று எழுதியிருந்தான். இது சமமின்மை வாதத்துக்கு நேரான பதில். எதிர்வாதத்தைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாமல், நேராகப் பதிலில் இறங்கிவிட்டான். என் சொல்லைத் தேடிக்கொண்டு போனதால் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. எதிர்வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்துரைக்கவில்லை என்ற குறை இன்னும் நிற்கிறது, ஆகவே 20 இல்லை. 14.

ஆதரவுக் கட்டுரையில் எதிர்வாதத்துக்கு 14 போட்டிருந்தேனே, அங்கே என்ன இருந்தது? "சிலர் இது தனிமனித உரிமைக்கு எதிரானது என்பர். ஆனால் சமூக நலனே பெரிது." இரண்டு வரி. அவ்வளவுதான். எனக்கு எளிதாகத் தோன்றிய எதிர்வாதத்தை அவன் எளிதாகத் தாண்டியது எனக்குச் சரியாகப் பட்டிருக்கிறது. 10 ஆக்கினேன், அதுவே கொஞ்சம் தாராளம்.

இப்போது இரண்டு தாள்களும் வந்து நின்ற இடம்: எதிர்ப்பு 8, 21, 17, 14, 8, மொத்தம் 68. ஆதரவு 8, 20, 17, 10, 8, மொத்தம் 63. முதல் நாள் 20 மதிப்பெண் முன்னால் நின்ற கட்டுரை, ஐந்து மதிப்பெண் பின்னால் போயிருந்தது.

இதையும் நானே நம்பக் கூடாதல்லவா? வேறொருவர் பார்க்கட்டும் என்று துறையில் மூத்தவர் ஒருவரிடம் எதிர்ப்புக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போனேன். போன வேகத்தில், "சார், இந்தப் பையன் என் கருத்துக்கு எதிராக எழுதியிருக்கிறான், நான் நியாயமாகப் போட்டிருக்கிறேனா பாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் தாளை வாங்கக்கூட இல்லை. "அதான் சொல்லிட்டீங்களேம்மா. இனிமே இதைப் படிச்சா நான் உங்களுக்குத்தான் மார்க் போடுவேன், அந்தப் பையனுக்கு இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒன்று என்னைச் சமாதானப்படுத்த நான் போட்டதை ஒட்டியே போடுவார், அல்லது பையன் மேல் இரக்கப்பட்டு ஏற்றிவிடுவார். அவரிடம் என் ஓரக்குறிப்புகளோடு இருந்த தாளை நீட்டியது இன்னொரு மடத்தனம். 19 கிறுக்கல்களைப் பார்த்த கண்ணுக்குக் கட்டுரை பலவீனமாகத்தான் தெரியும்.

பிறகு வேறொரு சக ஆசிரியையிடம் கொடுத்தேன். இந்த விஷயத்தில் அவருக்கு அழுத்தமான கருத்து எதுவும் கிடையாது. என் எதிர்முகாமைச் சேர்ந்தவரிடம் கொடுத்திருந்தால் சாய்வு மறுபக்கம் போயிருக்கும், அவ்வளவுதான். இரண்டு தாள்களையும் தனியாகக் கொடுக்காமல், வேறு நான்கோடு கலந்து ஆறாகக் கொடுத்தேன். குறிப்புகள் இல்லாத நகல்கள், என் மதிப்பெண் தெரியாமல், மதிப்பெண் பங்கீடு மட்டும் கையில். எதற்காக என்று கேட்டவரிடம், போட்டு முடித்த பிறகு சொல்கிறேன் என்றேன். எதிர்ப்புக் கட்டுரைக்கு 66, ஆதரவுக் கட்டுரைக்கு 65 போட்டார். இரண்டு மூன்று மதிப்பெண் வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை. அது ஒரே ஆள் காலையிலும் மாலையிலும் போட்டாலே வரும். 54ஐயும் 74ஐயும் அவர் நெருங்கவே இல்லை என்பதுதான் எனக்கு வேண்டிய பதில்.

மீதி 36 தாள்கள்? அவற்றை இப்படி ஒவ்வொன்றாகத் தோண்ட நேரம் கிடையாது. எல்லாத் தாளின் ஆதாரப் பிரிவை மட்டும் ஒரே மூச்சில் பார்த்தேன், பிறகு எல்லாத் தாளின் எதிர்வாதப் பிரிவை. ஆதரவும் எதிர்ப்பும் கலந்து வரும்படி அடுக்கை மாற்றிக்கொண்டேன். கட்டுரை முழுவதையும் படித்து ஒரு மொத்த அபிப்பிராயம் வருவதற்குள் ஒரு பிரிவுக்கான எண் விழுந்துவிடுவதால், பிடித்த கட்டுரை, பிடிக்காத கட்டுரை என்பது அவ்வளவாக உள்ளே வருவதில்லை. இதில் 3 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ மாறியவை 11. எட்டு ஆதரவுக் கட்டுரைகள் இறங்கின, மூன்று எதிர்ப்புக் கட்டுரைகள் ஏறின.

இரு பக்கத்துச் சராசரியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. ஒன்பது தாள்களின் சராசரி எதையும் நிரூபிக்காது. அதோடு, ஆசிரியரை மறுத்து எழுதத் துணிகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவர்களாக இருக்கலாம். அப்படியானால் இரண்டு சராசரியும் சமமாக இருப்பதே எங்கோ நான் குறைத்திருக்கிறேன் என்று பொருள்படும். அதைவிடப் பக்கத்துக்கு எத்தனை ஓரக்குறிப்பு என்று எண்ணிப் பார்ப்பது எளிது. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்றுக்கும் கீழே என்றால் எங்கே படிக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுதும் குறிப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். அவனை என் பக்கம் இழுக்கும் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. அவன் நிற்கும் இடத்திலிருந்தே கட்டுரையை வலுவாக்க உதவுவதாக இருக்க வேண்டும். நெதர்லாந்துப் பத்திக்கு முதலில் "தவறு! 16 சதவீதப் புள்ளி சரிந்தது!" என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "95இலிருந்து 79க்கு இறங்கியது. இறங்கியதை ஒப்புக்கொண்டு, அதனால் அந்த நாட்டின் ஜனநாயகம் கெட்டுவிடவில்லை என்று உன்னால் வாதிட முடியுமா? உன் வாதத்துக்குத் தேவை அதுதான்." எனக்கு எதிரான வாதத்தைக் கூர்தீட்டிக் கொடுப்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இங்கே நான் சொன்னதெல்லாம், அறிந்தவர்கள் இரு பக்கமும் நிற்கக்கூடிய கேள்விக்கு. உறுதியாக நிறுவப்பட்ட தகவலையே மறுத்து ஒருவர் எழுதினால் அதை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள கருத்து வேறுபாடாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆதாரப் பிரிவிலேயே அது விழுந்துவிடும். சிக்கல் என்னவென்றால், நமக்கு மிகவும் உறுதியாகத் தோன்றும் கருத்துகள் எல்லாம் நிறுவப்பட்ட தகவல் போலவே தோன்றும்.

அடுத்த பருவத்திலிருந்து கேள்வியையும் மாற்றிவிட்டேன். எதிர்வாதத்தை "அதை நம்புகிறவரே ஒப்புக்கொள்ளும்படி" ஒரு பத்தியில் எடுத்துரைத்த பிறகே மறுக்க வேண்டும் என்று சேர்த்தேன். அதற்குத் தனியாக 8 மதிப்பெண். என் பக்கம் எழுதுகிறவர்களுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கிறது. வகுப்பில் நான் எதிர்ப்பக்கத்தை எவ்வளவு மேலோட்டமாக நடத்தியிருக்கிறேன் என்பது அந்தப் பத்திகளைப் படிக்கும்போது தெரிகிறது.

தாள்களைக் கொடுத்த அன்று எதிர்ப்புக் கட்டுரை எழுதியவன் வந்து கேட்டது 1971 எண் எந்த ஆவணத்தில் கிடைக்கும் என்பது மட்டும்தான். மதிப்பெண்ணைப் பற்றி அவன் பேசவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவன்தான் பேசினான். ஆதரவுக் கட்டுரை, 63.

"மேடம், நான் நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்?"

"ஆமாம்ப்பா" என்று சொல்லி, அவன் தாளை வாங்கி இரண்டாம் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 1901, 1922, 1925. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.